தமிழ்க் கட்டுரைய ஏஐ டிடெக்டர் ஏன் தப்பா புடிக்குது?

சுங்கை சிப்புட்ல என்கிட்ட டியூஷன் படிக்கிற படிவம் அஞ்சு பையன், பால்வெட்டுக்குப் போன தன் பாட்டியப் பத்தி கட்டுரை எழுதினான், என் முன்னாடியே பேனால எழுதி அப்புறம்தான் டைப் பண்ணான், அதை ஒரு ஏஐ டிடெக்டர்ல போட்டா "பெரும்பாலும் இயந்திரம் எழுதியது"ன்னு வருது. "சார், நான் காப்பி அடிக்கலயே"ன்னு அவன் முகமே சுருங்கிடுச்சு.

நிறைய டிடெக்டர் முக்கியமா பாக்குறது, அடுத்து என்ன வரும்னு ஒரு மொழி மாடலால எவ்ளோ லேசா யூகிக்க முடியுதுன்னுதான். லேசா யூகிச்சா மெஷின், திணறினா மனுஷன். இந்தத் திணறலுக்குப் பேரு பெர்ப்ளெக்ஸிட்டி. அது 10னா, ஒவ்வொரு அடியிலும் சமமான பத்து வாய்ப்புக்கு நடுவுல மாடல் முழிக்குதுன்னு அர்த்தம். எதுக்குக் கீழ போனா மெஷின்ங்கிற கோட்ட இங்கிலீஷ் கட்டுரைய வச்சுத்தான் போட்டிருப்பாங்க.

இப்ப 2019ல வந்த ஜிபிடி-2 மாதிரி, பெரும்பாலும் இங்கிலீஷே படிச்ச மாடல்கிட்ட தமிழக் குடுங்க. இங்கிலீஷ் வார்த்தைய முழுசாவோ பெரிய துண்டாவோ பாக்கும், தமிழ அப்படிப் பாக்காது, கம்ப்யூட்டர்ல எழுத்த வழக்கமா சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட், மாடல் அந்த பைட்டுகளத்தான் மேயும். "தோட்டம்" இப்படி இருக்கும்:

```
E0 AE A4  E0 AF 8B  E0 AE 9F  E0 AF 8D
E0 AE 9F  E0 AE AE  E0 AF 8D
```

முதல் பைட் எப்பவும் E0. ரெண்டாவது AE இல்லன்னா AF. நிஜமா யூகிக்க வேண்டியது மூணாவது மட்டும்தான். அதுக்கு 30 வாய்ப்புன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க: 1×2×30 = 60, மூணு பைட்டுக்கு சராசரி எடுத்தா, அதாவது கனமூலம், கிட்டத்தட்ட 4 வருது. முதல் ரெண்டு பைட்ட ஒட்டி ஒரே துண்டாக்கினாலும் 8 தாண்டாது. மனுஷன் எழுதின இங்கிலீஷுக்கு பல சமயம் இருபது முப்பதுன்னு வர்ற இடத்துல, பாட்டி கதை 4 வாங்கினா அந்தக் கோட்டுக்குக் கீழதானே விழும்? மாடலுக்குத் தமிழ் தெரிஞ்சதால இல்ல, எழுத்து சேமிக்கிற முறையே கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்க இலவசமா சொல்லிக் குடுத்துடுது.

இதே கோளாறு மறுபக்கமும் அடிக்கும், மெஷின் எழுதின தமிழுக்கும் மனுஷன் எழுதின தமிழுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க்தான் வரும். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரில விட்ட டிடெக்டர் கூட, இங்கிலீஷுக்கு மட்டும் பயன்படுத்துங்கன்னு அவங்களே சொல்லி, துல்லியம் பத்தலன்னு ஜூலையில எடுத்துட்டாங்க.

சோதிக்கணுமா? 2022க்கு முன்னாடி வந்த பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரை ஒண்ண போடுங்க. அப்புறம் அதே கட்டுரைய, வார்த்தைகளக் கலைச்சுப் போட்டு அர்த்தமே இல்லாம ஆக்கித் திரும்பக் குடுங்க. ரெண்டுக்கும் ஒரே மார்க் வந்தா, அது தமிழப் படிக்கவே இல்ல, பைட்ட எண்ணிக்கிட்டிருக்கு. தமிழ் நிறைய படிச்ச புது மாடல்ல இந்த பைட் கோளாறு குறையுது, ஆனா கோடு இங்கிலீஷுக்குப் போட்டதாவே இருந்தா அந்த மார்க்க நம்பி பையனுக்கு முட்டை போட முடியாது லா.