கைப்பட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது?

கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். இடப்பெயர்வுகளில் பொலித்தீன் பைக்குள் தப்பி வந்த பழைய படங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் இப்போது பெரும்பாலும் என் வேலை. சீருடைப் படம் வந்தால் மட்டும் உடனே கை வைக்கமாட்டேன். நீர்க்கறை என்று நினைத்து அழிக்கும் ஒரு கோடு, ஒருவரின் ஐந்து வருடச் சேவையாக இருக்கலாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா ஒரு படம் கொண்டு வந்தா. "தம்பி, இது என்ர அம்மப்பா. ரெண்டாம் உலகப்போரில பிரிட்டிஷ் ஆமியில கோப்பரல். கலர் போட்டுப் பெரிசாக்கித் தாங்கோ."

முதலில் மார்பைப் பார்த்தேன். இரண்டு பதக்க நாடாக்கள் வலது பக்கம் இருந்தன. தான் பெற்ற பதக்கத்தைப் படைவீரர் இடது மார்பில்தான் அணிவார். சட்டைப் பொத்தானும் மாறிக் கிடந்தது. நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். சரி, படத்தைத் திருப்பினேன்.

அப்புறம் தொப்பி. 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கியதும் சின்னம் துலங்கியது: மேலே கிரீடம், கீழே துப்பாக்கி, மண்வெட்டி, பிக்காசு மூன்றும் சாத்தி வைத்தபடி. அது பயனியர் கோர், பாதை போட்டு, சாமான் இறக்கிக் கொடுத்த படைப்பிரிவு. கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளமில்லாமல் குமிழாக இருந்தது. எலிசபெத் ராணி காலத்துக் கிரீடத்தில் நடுவில் பள்ளம் விழும். ஆகவே படம் அதற்கு முந்தியது. பின்னணியில் இலங்கைக் கொடி தெரிந்தாலும் இப்படிக் காலம் சொல்லலாம்: பச்சை, செம்மஞ்சள் பட்டிகள் 1951இலும், மூலைகளில் அரசிலைகள் 1972இலும் வந்தவை.

கோப்பரல் என்ற பேச்சு கையிலிருந்த இரண்டு 'வி' வடிவப் பட்டிகளால் வந்தது. பதவிப் பட்டி மேற்கையில், முனை கீழே பார்க்கத் தைக்கப்படும். இரண்டு என்றால் கோப்பரல், மூன்று என்றால் சார்ஜன்ட். இவருக்கோ பட்டி முழங்கைக்குக் கீழே, முனை மேலே பார்த்தபடி இருந்தது. திருப்பிய படத்தில் அது இடது கை. அங்கே தைப்பது நன்னடத்தைப் பட்டி: இரண்டு வருடத்துக்கு ஒன்று, ஐந்து வருடமானால் இரண்டு. படத்தைத் திருப்பாமல் விட்டிருந்தால் வலது கை என்று நம்பி, போர்ச்சேவை வருடத்துக்கு ஒன்றாகக் கொடுத்த சின்னப் பட்டியோ என்று தடுமாறியிருப்பேன்.

நாடாவின் நிறத்தை மட்டும் ஊகிக்கவில்லை. பழைய பிலிம் சிலவற்றில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். அதனால் நாடாக்களைக் கறுப்பு வெள்ளையாகவே விட்டேன்.

"அப்ப கோப்பரல் இல்லையோ?" என்று அக்கா கேட்டா. இந்தப் படம் எடுத்தபோது இல்லை, ஆனால் ஐந்து வருடம் ஒரு குற்றமும் இல்லாமல் இருந்தவர் என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, அதைப் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னா. எழுதிக் கொடுத்தேன்.