விருந்தாளி வைஃபை: சுவர் எந்தப் பக்கம் நிற்கிறது?

தங்கையின் வளைகாப்பு அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள். வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். மதியப் பந்தி முடிந்த நேரம், ஹால் மூலையில் இருந்த பிரிண்டர் தானாக உயிர்பெற்று ஒரு தாளைத் தள்ளியது. சித்தப்பா மகளின் பத்து வயதுப் பையன், போனில் ஒரு கார் படத்தைத் திறந்து அச்சிடும் பொத்தானை அழுத்தியிருக்கிறான். எங்கள் பிரிண்டரின் பெயர் அங்கே தயாராக இருந்திருக்கிறது.

அதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் அப்பா வந்து, "மச்சான், வீடியோ பார்க்கலாம்னு பிளேயரைத் திறந்தேன். உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற போல்டர் எல்லாம் இதுல தெரியுதே" என்று போனை நீட்டினார். குடும்பத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ள வசதியாக, பாஸ்வேர்டு இல்லாமல் நான் பகிர்ந்து வைத்திருந்த போல்டர் அது. ஆதார் நகல்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன.

இருவரும் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே வரவில்லை. வீட்டு நெட்வொர்க் அப்படித்தான் வேலை செய்கிறது. பிரிண்டர் வைஃபையில் சேர்ந்தவுடன், "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது, என்னால் அச்சிட முடியும்" என்று நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கிறது. யாராவது பிரிண்டர் உண்டா என்று கேட்டால் பதிலும் சொல்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே இந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் பட்டியல் போடுகின்றன. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் IP முகவரி என்று ஒரு எண் உண்டு. அப்புறம் போன் நேராகப் பிரிண்டரின் அந்த எண்ணுக்குத் தாளை அனுப்புகிறது. ஒரு கருவிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் போர்ட் எனப்படும் தனிக் கதவு எண் உண்டு. பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் 9100 என்ற கதவு எண்ணில் வருவதை, யார் அனுப்பியது என்று கேட்காமல் அச்சிட்டுவிடும். போல்டர் பகிர்வுக்கு 445-ஆம் கதவு. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கருவிகள் இப்படிப் பேசும்போது, ரூட்டருக்குள் இருக்கும் ஃபயர்வால் சாதாரணமாக அதைப் பார்ப்பதே இல்லை. அது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற காவல்காரர். உள்ளே வந்துவிட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது அவர் வேலை அல்ல.

விருந்தாளி நெட்வொர்க் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ரூட்டரின் செட்டிங்கில் Guest Network என்பதை இயக்கினால், அதே ஆன்டெனாவிலிருந்து இன்னொரு வைஃபை பெயரும் ஒலிபரப்பாகும். பெயர் மட்டும் இரண்டாவது அல்ல. அதில் சேர்கிறவர்களுக்குப் பொதுவாக வேறு வரிசையில் IP எண்கள் கிடைக்கும். குடும்பத்துக்கு 192.168.0 என்று தொடங்கினால், விருந்தாளிக்கு 192.168.5 என்பதுபோல. வரிசை வேறானதும் போன் பிரிண்டரிடம் நேராகப் பேச முடியாது, ரூட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே ஃபயர்வால் விதி ஒன்று காத்திருக்கும்: விருந்தாளிப் பக்கமிருந்து இணையத்துக்குப் போகலாம், குடும்பப் பக்கம் போகக் கூடாது.

வளைகாப்பு முடிந்த வாரமே இதைச் செய்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஹாலில் ஃபைபர் கம்பெனி வைத்துவிட்டுப் போன பெட்டி, அதிலேயே வைஃபையும் உண்டு. மாடிக்கு சிக்னல் எட்டாததால் மாடிப்படி அருகே நானாக வாங்கி வைத்த ரூட்டர், அதற்கு ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள். விருந்தாளி வசதி புது ரூட்டரில் இருந்தது. இயக்கினேன். என் போனை அதில் சேர்த்து, ஒரு படத்தைத் திறந்து, அச்சிடப் போனேன். பட்டியல் காலி. வீடியோ பிளேயரிலும் போல்டர் காணோம். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

ஏதோ தோன்றி, பிரிண்டரின் எண்ணை போன் பிரவுசரில் அடித்துப் பார்த்தேன். 192.168.1.7. ஒரு நொடியில் பிரிண்டரின் பக்கம் திறந்தது: எவ்வளவு மை மிச்சம், கடைசியாக என்ன அச்சானது, ஸ்கேன் எடுக்கப் பொத்தான், எல்லாம்.

கண்ணுக்குத் தெரியாததும் கை எட்டாததும் வேறு வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. பிரிண்டரின் அறிவிப்பு அதன் சொந்த நெட்வொர்க்கைத் தாண்டிப் போகாது. அதனால்தான் பட்டியல் காலியாக இருந்தது. எண் தெரிந்து கேட்டால் வழி திறந்தே இருந்தது. ஏன்?

பிரிண்டரும் கம்ப்யூட்டரும் ஃபைபர் பெட்டியின் நெட்வொர்க்கில் இருந்தன, அதாவது 192.168.1 வரிசையில். புது ரூட்டர் அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் வாங்குவதால், அதன் கணக்கில் ஃபைபர் பெட்டி இருக்கும் பக்கம் முழுவதுமே "இணையம்". விருந்தாளி குடும்பப் பக்கம் போகக் கூடாது, இணையத்துக்குப் போகலாம் என்ற விதியை அது ஒழுங்காகவே நிறைவேற்றியது. எங்கள் பிரிண்டர் இருந்த இடம் இணையத்தின் பக்கம். சுவர் இருந்தது, ஆனால் வேறு பக்கம் பார்த்து நின்றது.

ஃபைபர் இணைப்போடு தனி ரூட்டரும் வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் சுலபமாக வரும். தீர்வு, காக்க வேண்டியதை எல்லாம் சுவருக்குச் சரியான பக்கம் கொண்டுவருவது. கம்ப்யூட்டரின் கேபிளை ஃபைபர் பெட்டியிலிருந்து பிடுங்கி, புது ரூட்டரின் LAN ஓட்டையில் சொருகினேன். பிரிண்டரைப் புது ரூட்டரின் குடும்ப வைஃபையில் சேர்த்தேன். ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன். இப்போது "இணையப் பக்கம்" மிஞ்சியிருப்பது ஃபைபர் பெட்டி ஒன்றுதான். அதன் லாகின் பக்கத்தை விருந்தாளிகள் இன்னமும் எட்ட முடியும் என்பதால், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

பிறகு மறுபடி சோதனை. போன் பிரவுசர் போதும், ஆனால் லேப்டாப் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். முதலில் குடும்ப வைஃபையில் சேர்ந்து, பிரிண்டரின் புது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவிலேயே இருக்கும். எங்கள் வீட்டில் அது 192.168.0.23. விண்டோஸ் பவர்ஷெல்லைத் திறந்து இதை அடியுங்கள்:

```
Test-NetConnection 192.168.0.23 -Port 9100
```

கடைசி வரியில் `TcpTestSucceeded : True` என்று வர வேண்டும். அப்போதுதான் எண்ணும் கதவும் சரி, பிரிண்டர் விழித்திருக்கிறது என்று அர்த்தம். இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். அணைந்துகிடக்கும் பிரிண்டரும் False என்றுதான் காட்டும். அடுத்து விருந்தாளி வைஃபைக்கு மாறி அதே வரியை அடியுங்கள். இப்போது False வர வேண்டும். கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டு 445-க்கும் இதே மாதிரி இரண்டு முறை பாருங்கள். கருவி பதில் சொல்கிறதா என்று மட்டும் கேட்கும் பிங் கட்டளையை அடித்துப் பார்ப்பது போதாது. பிங்குக்குப் பதில் சொல்லாத கம்ப்யூட்டர் போல்டரைத் திறந்து கொடுக்கக்கூடும்.

சில ரூட்டர்கள் குடும்பத்துக்கும் விருந்தாளிக்கும் ஒரே வரிசை எண்களைக் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள் வடிகட்டும். ஆகவே எண் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். True வந்துகொண்டே இருந்தால் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். விருந்தாளி செட்டிங்கிலேயே Allow guests to access my local network என்பதுபோல ஒரு டிக் இருக்கும். அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, புது ரூட்டர் ஆக்சஸ் பாயின்ட் முறையில் ஓடுகிறதா என்பது. அந்த முறையில் அது எண் கொடுப்பதையும் ஃபயர்வாலையும் விட்டுவிட்டு, சிக்னலை மட்டும் பரப்பும். விருந்தாளிகள் வேறு பெயரில் சேர்ந்தாலும் பல மாடல்களில் குடும்பத்தின் அதே நெட்வொர்க்கில்தான் போய் விழுவார்கள். அங்கே பெயர்ப்பலகை மட்டும்தான் இரண்டு, அறை ஒன்றுதான்.

நான் கடைசியாகக் கண்டுபிடித்த ஓட்டை ரூட்டரிலேயே இல்லை. போனில் வைஃபை பட்டியலைப் பார்த்தபோது DIRECT- என்று தொடங்கும் ஒரு பெயர் இருந்தது. அது பிரிண்டரே ஒலிபரப்பும் தனி வைஃபை. ரூட்டர் இல்லாமல் போனிலிருந்து நேராக அச்சிட வைத்திருக்கும் வசதி. சில பிரிண்டர்களில் அதன் பாஸ்வேர்டு 12345678 என்றே வரும். அதில் சேர்கிறவருக்கு நம் சுவர் குறுக்கே நிற்காது, ஏனென்றால் அவர் ரூட்டர் பக்கமே வரவில்லை. பிரிண்டரின் மெனுவில் Wi-Fi Direct என்பதை அணைத்தால் போதும்.

இனி பழைய பாஸ்வேர்டு விஷயம். வளைகாப்புக்கு வந்த அத்தனை போன்களும் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் நினைவில் வைத்திருக்கும். அதே பெயர், அதே பாஸ்வேர்டு குடும்ப வைஃபைக்கு இருந்தால், அடுத்த முறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போன்கள் தானாக உள்ளே போய்ச் சேர்ந்துவிடும், விருந்தாளி நெட்வொர்க்கை யாரும் தேடவே மாட்டார்கள். எல்லோரிடமும் புதுப் பெயர் சொல்வதைவிட, நான் தலைகீழாகச் செய்தேன். பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே விருந்தாளி நெட்வொர்க்குக்குக் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்குப் புதிதாக ஒன்றை வைத்தேன். மாற்ற வேண்டியிருந்தது எங்கள் நான்கு போன்களும் பிரிண்டரும் மட்டும்தான். ஹால் டிவி பழைய பெயரிலேயே, அதாவது விருந்தாளிப் பக்கம் நின்றுவிட்டது. டிவிக்கு வீட்டுப் பத்திரம் எதற்கு, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் ஒரு நஷ்டம் உண்டு: எங்கள் போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பும் வசதி போய்விட்டது. விருந்தாளிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்துவைக்கும் AP Isolation இயங்கினால், விருந்தாளிப் பக்கமே சேர்ந்து அனுப்பினாலும் டிவிக்குப் போகாது.

பொங்கலுக்கு அதே பையன் வந்தான். அவன் போன் யாரையும் கேட்காமல் பழைய பெயரில் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் எதையோ தேடிவிட்டு, "மாமா, உங்க பிரிண்டர் காணாம போச்சு" என்றான். படத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பச் சொல்லி, இந்த முறை கலரிலேயே அச்சிட்டுக் கொடுத்தேன்.