விடியற்காலைக் கனவும் கட்டிலில் கிடந்த போனும்

துணை துரோகம் செய்வதாகக் கனவு கண்டு, தம்பதி ஆலோசனைக்கு என்னிடம் வந்தவர்கள் இந்த மாதத்தில் மூன்று பேர். மூன்று பேரும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "மேடம், அது விடியற்காலையில வந்த கனவு. பலிக்கும்னு சொல்வாங்களே?"

மூன்றாவதாக வந்தவரின் கதையை அவர் அனுமதியோடு, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 35 வயது, கல்யாணமாகி ஒன்பது வருடம், பெரும்பாக்கத்தில் வீடு. கணவருக்கு சிறுசேரியில் வேலை. இரண்டு மாதமாகப் புது ப்ராஜெக்ட் என்பதால் நள்ளிரவு வரை ஆபீஸ் கால். கனவில் இவர் திருவான்மியூர் சிக்னலில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கணவரின் பைக் வந்து நிற்கிறது. பின்னால் ஒரு பெண், முகம் தெரியவில்லை. இவர் கூப்பிடுகிறார். கணவர் திரும்பி, யாரோ வழியில் போகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, பச்சை விழுந்ததும் போய்விடுகிறார்.

விழித்தபோது மணி 4.50. பக்கத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்துச்சு மேடம்."

ஏழரைக்கு அவர் குளிக்கப் போனதும் கட்டிலில் கிடந்த போனை எடுத்திருக்கிறார். முந்தின இரவு 11.40க்கு ஒரு பெண்ணுக்கு "வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?" என்று ஒரு செய்தி. போதாதா? துண்டோடு வெளியே வந்த மனிதரிடம் ஆரம்பித்த சண்டை, வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தும் முடியவில்லை. அப்புறம் மூன்று வாரம் பேச்சில்லை. என் அறையில் கணவரே போனை நீட்டிக் காட்டினார். அது டீம் குரூப்பில் அந்தப் பெண்ணைக் குறிப்பிட்டுப் போட்ட செய்தி. இரவு கேபில் கிளம்பும் பெண்கள் வீடு சேர்ந்துவிட்டார்களா என்று யாராவது ஒருவர் கேட்பது அந்த டீமில் வழக்கம். கொஞ்சம் மேலே தள்ளியிருந்தால் வேறு நான்கு பேர் அதே கேள்வியைக் கேட்டிருப்பது தெரிந்திருக்கும்.

சரி, அந்த விடியற்காலைக்கு வருவோம். தூக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கனவு நிறைந்த ஒரு கட்டம் வரும். முன்னிரவில் அது சில நிமிடங்களோடு முடிந்துவிடும். விடிய விடிய நீண்டு, அரை மணி நேரம்கூடப் போகும். அந்தக் கட்டத்திலேயே விழிப்புத் தட்டினால் கனவு நினைவில் நிற்கும், இல்லையென்றால் பெரும்பாலும் மறந்துவிடும். ஆகவே உங்களுக்கு ஞாபகமிருக்கும் கனவுகளில் பெரும்பாலானவை விடியற்காலைக் கனவுகளாகத்தான் இருக்கும். இதில் தெய்வ வாக்கு எதுவுமில்லை. எனக்கு இன்னமும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இல்லாமல் போய் நிற்கிற கனவு வருகிறது. அதுவும் விடியற்காலையில்தான். எழுந்ததும் நான் பீரோவைக் குடைந்து ஹால் டிக்கெட் தேடுவதில்லை. பல் விழுந்த கனவுக்கு யாரும் பல் டாக்டரிடம் ஓடுவதில்லை. கணவனோ மனைவியோ சம்பந்தப்பட்ட கனவுக்கு மட்டும் ஏன் உடனே விசாரணைக் கமிஷன்?

"இது கனவு இல்ல மேடம், உள்ளுணர்வு" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கனவுக்கு முன்பே உங்களை உறுத்திய விஷயம் ஏதாவது இருந்தால், விளக்கம் இல்லாத செலவோ, நேரில் பிடிபட்ட பொய்யோ, அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். கனவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினால் நியாயமான கேள்வியும் சேர்ந்து கெட்டுப்போகும்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டிலன் செல்டர்மன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். காதல் உறவில் இருக்கும் இளைஞர்களை இரண்டு வாரம் கனவுகளையும் அன்றாட உறவையும் எழுதிவரச் சொன்னார்கள். கனவில் பொறாமை வந்தால் அடுத்த நாள் சண்டை கூடியது, துரோகக் கனவுக்குப் பின் நெருக்கம் குறைந்தது. நான் அறையில் பார்ப்பதும் இதுதான். பெரும்பாலும் கனவைக் கண்டவர்தான் அதைப் 'பலிக்க' வைக்கிறார்.

அதனால் அந்தக் காலையில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விழித்ததும் எழுந்து உட்காருங்கள், விளக்கைப் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். படுத்தபடி கனவை மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காட்சி ஒட்டிக்கொள்ளும். மூளை முழுதாகத் தெளிய அரை மணியாவது ஆகும், அதற்குள் எதையும் கேட்காதீர்கள். போனைத் தொடவே தொடாதீர்கள். சந்தேகத்தோடு தேடுகிற கண்ணுக்கு மளிகைக் கடைக்காரரின் செய்திகூட சங்கேதமாகத் தெரியும்.

ஒரு தாளில் இரண்டே கேள்விகள். கண் திறந்திருந்தபோது நான் நிஜமாகப் பார்த்தது என்ன? கனவில் எந்த நொடி அதிகம் வலித்தது? இவர் முதல் கேள்விக்கு வெறும் கோடு போட்டார். இரண்டாவதற்கு, பின்னால் இருந்த பெண்ணை எழுதுவார் என்று நினைத்தேன். "என்னைத் தெரியாத மாதிரி பார்த்தாரு" என்று எழுதினார். கனவுக்கு முந்தின மாலை தன் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கணவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "ம்" கொட்டியிருக்கிறார். எல்லாக் கனவுக்கும் இப்படி நூல் பிடிக்க முடியாது. எதுவும் அகப்படாவிட்டால் விட்டுவிடுங்கள்.

சொல்வதானால் அன்று மாலை, குழந்தை தூங்கிய பிறகு சொல்லுங்கள். "நீங்க யாரோடயோ போறீங்களா?" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வக்கீலாகிவிடுவார். நாங்கள் ஒத்திகை பார்த்த வாக்கியம் இது: "ஏங்க, ஒரு கெட்ட கனவு. நீங்க தப்பு பண்ணீங்கன்னு சொல்லல. ரெண்டு மாசமா நாம பேசிக்கவே இல்ல, அது எனக்குக் கஷ்டமா இருக்கு. கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் என்கூட உக்காருங்க."

கேட்கிறவருக்கும் ஒரு வார்த்தை. "பைத்தியமா உனக்கு?" வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். "அப்படி எதுவும் இல்லம்மா" என்று முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லுங்கள். ஒருமுறைதான். தினமும் கேட்டு, தினமும் சத்தியம் வாங்கினால் அடுத்த நாளுக்கு இன்னும் பெரிய சத்தியம் தேவைப்படும். இதை நான் தம்பதிகளிடம் கெஞ்சியே சொல்கிறேன்.

ஒரே கனவு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் பகலில் அதன் முடிவை மாற்றி எழுதி, தினமும் பத்து நிமிடம் மனதில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டு. இவர் பைக்கை நிறுத்தவைத்து, பின்சீட்டில் தானே ஏறிக்கொண்டார். சில மனச்சோர்வு மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் கனவுகளைத் தூக்கலாக்கும். புது மாத்திரை தொடங்கிய பிறகு வந்ததா என்று பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். (என்னையும் டாக்டர் என்கிறார்கள். நான் உளவியலாளர், மாத்திரை எழுதுவதில்லை.)

கனவு போய்ப் பல வாரமாகியும் துணியை முகர்வது, வந்த நேரத்தைக் குறிப்பது, பின்தொடர்வது என்று போனால் அது கனவுப் பிரச்சினை இல்லை. குடிப்பவர்களிடம் இது அடிக்கடி முற்றிப் பார்த்திருக்கிறேன். எந்த விளக்கமும் ஏறாத சந்தேகம் ஒரு நோயாகவும் இருக்கலாம், மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். சந்தேகத்தின் பேரில் ஒருவர் கை ஓங்குகிறார், வெளியே போகவிடாமல் பூட்டுகிறார் என்றால் அங்கே தம்பதி ஆலோசனைக்கு வேலையில்லை. அடி வாங்குகிற பெண், பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்க வேண்டும். என்னிடம் ஜோடியாக வருவதெல்லாம் அப்புறம்.