ஏழு வெட்டு, ஐந்து மடிப்பு: கனச்சதுரம் தாளாக விரியும் கணக்கு

காவேரிப்பட்டணத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “ஐயா, ஆறு சதுரங்களை ஒட்டி வரைந்த படத்தைக் கொடுத்து, இது கனச்சதுரமாக மடியுமா என்று என்எம்எம்எஸ் உதவித்தொகை மாதிரித் தேர்வில் கேட்கிறார்கள். மடியக்கூடிய படங்கள் பதினொன்று, அவற்றை மனப்பாடம் செய்துகொள் என்கிறார்கள். மனப்பாடம் இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?”

வழி உண்டு. அதற்கு முகம், விளிம்பு, உச்சி ஆகியவற்றை எண்ணுவதிலிருந்து தொடங்க வேண்டும். கனச்சதுரத்துக்கு 6 முகங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சதுரத்துக்கும் 4 பக்கங்கள் வீதம் 24 பக்கங்கள் வரும். இரண்டிரண்டு பக்கங்கள் சேர்ந்தே ஒரு விளிம்பு ஆவதால் விளிம்புகள் 12. அதேபோல் 24 மூலைகளில் மும்மூன்று சேர்ந்தே ஓர் உச்சி ஆவதால் உச்சிகள் 8. படத்தில் மறைந்திருக்கும் புள்ளிக்கோடுகளை விரல்வைத்து எண்ணும்போது தவறுகிற மாணவர்கள், இப்படிப் பெருக்கி வகுத்தால் தவற மாட்டார்கள்.

இனி அந்தக் கனச்சதுரம் அட்டையால் ஆனது என்று வைத்துக்கொண்டு, விளிம்புகளின் வழியே மட்டும் கத்தரித்து, ஒரே துண்டாகத் தரையில் விரிக்க வேண்டும். அப்படி விரிந்து கிடக்கும் படத்தைத்தான் வலை என்கிறோம். எத்தனை விளிம்புகளை வெட்ட வேண்டும்? எங்கே தொடங்கி எப்படி வெட்டினாலும் விடை ஏழுதான். ஆறு வெட்டினால் அட்டை படியாது, எட்டு வெட்டினால் ஒரு துண்டு தனியே விழுந்துவிடும்.

காரணம் உச்சியில் இருக்கிறது. கனச்சதுரத்தின் ஓர் உச்சியைச் சுற்றி மூன்று செங்கோணங்கள், அதாவது 270 பாகை மட்டுமே உள்ளது. சமதளத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை வேண்டும். எனவே வெட்டுப்படாத உச்சி ஒன்று மிஞ்சினாலும் அந்த இடத்தில் அட்டை குமிழாக நிற்குமே தவிரத் தரையில் படியாது. ஆகவே வெட்டு எட்டு உச்சிகளையும் தொட்டாக வேண்டும். ஆனால் அது ஒரு சுற்றாக மூடிக்கொள்ளக் கூடாது. மூடினால் சுற்றுக்கு உள்ளே இருக்கும் முகங்கள் பெயர்ந்து விழுந்துவிடும். வெட்டு தனித்தனி இரண்டு பகுதிகளாகவும் இருக்கக் கூடாது. இருந்தால் இடையிலுள்ள முகங்கள் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், வளையம் விரியாது. எட்டுப் புள்ளிகளைச் சுற்று இல்லாமல், விட்டுப்போகாமல் இணைக்க ஏழு கோடுகள் வேண்டும்: முதல் கோடு இரண்டு புள்ளிகளை இணைக்கும், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு கோடும் ஒரு புதிய புள்ளியைச் சேர்க்கும்.

வெட்டாமல் விட்ட விளிம்புகளுக்கும் இதே கணக்குதான். அவை ஆறு முகங்களையும் ஒரே துண்டாகப் பிடித்திருக்க வேண்டும், ஆனால் வளையமாக்கக் கூடாது, எனவே ஐந்து. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, விளிம்புகள் அத்தனையும் கணக்கில் வந்துவிட்டன. உச்சிகளில் ஒன்று குறைத்து, முகங்களில் ஒன்று குறைத்து, இரண்டையும் கூட்டினால் விளிம்புகளின் எண்ணிக்கை. உச்சிகளை V, விளிம்புகளை E, முகங்களை F என வைத்து இதைச் சற்று மாற்றி எழுதிப் பாருங்கள்:

V − E + F = 2

பாடப்புத்தகத்தில் உள்ள ஆய்லர் சூத்திரம் இதுதான். 1750-இல் சக கணித அறிஞர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதைத் தெரிவித்தார். வெட்டும் மடிப்பும் பன்னிரண்டு விளிம்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும் இந்த நிரூபணத்தின் சாரத்தை 1847-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபோன் ஷ்டவுட் கொடுத்தார். நான் அறிந்த நிரூபணங்களில் கத்தரிக்கோலை வைத்தே காட்டிவிடக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் இதன்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு. சூத்திரம் எங்கே பொய்க்கும் என்பதையும் இதுவே சொல்லிவிடுகிறது. நடுவில் துளையுள்ள மரச்சட்டத்தின் ஒரு மூலையைச் சுற்றி வெட்டினால், வெட்டு மூடிக்கொண்டாலும் சட்டம் இரண்டாகாது. அதனால்தான் மூலைக்கு மூலை சாய்வாக இணைத்த சதுரச் சட்டத்தில் 16 உச்சிகள், 32 விளிம்புகள், 16 முகங்கள் என வந்து, விடை 2-க்குப் பதில் 0 ஆகிறது.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். வெட்டிய ஒவ்வொரு விளிம்பும் வலையின் ஓரத்தில் இரண்டு பக்கங்களாகத் தெரியும். எனவே கனச்சதுர வலையின் ஓரத்தில் எப்போதும் 14 பக்கங்கள் இருக்கும். ஆறு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வெவ்வேறாக 35 வடிவங்கள் வரையலாம். அவற்றில் 8 வடிவங்களில் நான்கு சதுரங்கள் ஒரே புள்ளியைச் சூழ்ந்து நிற்கின்றன. அங்கே 360 பாகையும் நிரம்பிவிடுவதால் உச்சி உருவாக வழியே இல்லை. அவற்றின் ஓரத்தை எண்ணினாலும் 14 வராது. மிஞ்சும் 27 வடிவங்களுக்கும் 14 வரும், ஆனால் அவற்றில் 11 மட்டுமே மடியும். ஆறு சதுரங்கள் ஒரே வரிசையில் நின்றாலும் ஓரம் 14-தான். மடிக்கும்போதோ ஐந்தாவது சதுரம் முதல் சதுரத்தின் மேல் விழுந்துவிடுகிறது. ஆகவே 14 வராவிட்டால் உடனே தள்ளிவிடலாம், வந்தால் மேலும் சோதிக்க வேண்டும்.

அந்தச் சோதனையைச் சிலுவை வலையில் செய்து பார்ப்போம். மேலிருந்து கீழாக அ, ஆ, இ, ஈ என நான்கு சதுரங்கள்; ஆ-வின் இடப்புறம் உ, வலப்புறம் ஊ. அ-வின் இடப்பக்கமும் உ-வின் மேற்பக்கமும் ஓர் உள்மூலையில் சந்திக்கின்றன. அந்த மூலையில் ஏற்கெனவே மூன்று சதுரங்கள், 270 பாகை, இருக்கின்றன. எனவே அந்த இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டியே தீர வேண்டும். இத்தகைய உள்மூலைகள் இந்த வலையில் நான்கு. எட்டுப் பக்கங்கள் முடிந்தன. உ-வின் கீழ்ப்பக்கம் இ-யோடு ஒட்டியதும், அதன் கீழ்முனையில் உ, இ, ஈ மூன்றும் கூடிப் புதிதாக ஒரு 270 பாகை உருவாகிறது. ஆகவே உ-வின் இடப்பக்கம் ஈ-யின் இடப்பக்கத்தோடு ஒட்டுகிறது. வலப்புறத்தில் ஊ-வுக்கும் அப்படியே. கடைசியாக அ-வின் மேற்பக்கமும் ஈ-யின் அடிப்பக்கமும் எஞ்சி, அவை தமக்குள் சேர்ந்துகொள்கின்றன. ஏழு ஒட்டு, ஏழு வெட்டு. இப்படி ஒட்டிக்கொண்டே போகும்போது ஏதேனும் ஒரு புள்ளியில் நான்காவது சதுரம் வந்து சேர்ந்தால், அந்தப் படம் மடியாது என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மண்டிகளில் தட்டையாக வந்திறங்கும் அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்து மாணவர்களை எண்ணச் சொல்கிறவர்கள் உண்டு. சாதாரணப் பெட்டியில் நான்கு பக்கச் சுவர்களும், ஒட்டுவதற்கு ஒரு குறுகிய பட்டையும், மேலே நான்கு, கீழே நான்கு மடிப்புகளும் இருக்கும். அந்த மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால் அது வலை ஆகாது, கணக்கும் ஒத்துவராது. பழைய அழைப்பிதழ் அட்டையில் கனச்சதுரம் செய்து, பிள்ளைகள் கையாலேயே ஏழு விளிம்புகளை வெட்டவிடுவதே சரி. பதினோரு படங்களை அச்சடித்து மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. முக்கோணப் பட்டகத்தின் வலையைக் கேட்டுவிட்டால் அது உதவாது. வெட்டுக் கணக்கு அங்கும் உதவும்: 6 உச்சிகளுக்கு 5 வெட்டு, 5 முகங்களுக்கு 4 மடிப்பு, ஆக 9 விளிம்புகள், வலையின் ஓரத்தில் 10 பக்கங்கள்.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்றும் உண்டு. வெட்டு எத்தனை என்று சொல்லுமே தவிர, விரித்த துண்டின் ஒரு பகுதி மற்றொன்றின்மேல் ஏறாது என்று உறுதி தராது. கனச்சதுரத்தில் எந்த ஏழு விளிம்புகளை முறைப்படி வெட்டினாலும் அப்படி ஏறுவதில்லை. முகங்கள் கூடிய சில திண்மங்களில் தவறான விளிம்புகளை வெட்டினால் ஏறிவிடும். 1525-இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தம் வடிவியல் நூலில் பல திண்மங்களின் வலைகளை வரைந்து காட்டினார். உள்வாங்காத எல்லாத் திண்மங்களுக்கும் மேலேறாத வலை ஒன்றாவது உண்டா என்று 1975-இல் கணித அறிஞர் ஷெப்பர்ட் கேட்டார். உண்டு என்று நிரூபித்தவர் எவரும் இல்லை. இல்லை என்று காட்ட ஒரு திண்மமும் இதுவரை அகப்படவில்லை.