மருத்துவர் ‘தகுதி’ என்கிறார், நிறுவனம் ‘வேண்டாம்’ என்கிறது: உடல் எடையால் கைநழுவும் வேலைகள்

உடல் பருமனுக்காக உங்களை வேலைக்கு எடுக்கவில்லை என்று சிங்கப்பூரில் எந்த நிறுவனமும் எழுதித் தராது. ‘வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நேர்முகத் தேர்விலேயே ஒதுக்கப்பட்டவரிடம் பெரும்பாலும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு கட்டத்தில் இந்தப் பாகுபாடு காகிதத்தில் தடம் விட்டுப் போகும். வேலை கொடுத்த பிறகு நடக்கும் மருத்துவப் பரிசோதனைதான் அந்தக் கட்டம். மனிதவளத் துறையில் இருக்கிற நான், வேலை தேடும் நம்மவர்களுக்கு ஆலோசனை சொல்லும்போது அதிகம் கோபப்படுவது இந்த இடத்தில்தான். எதிர்த்துக் கேட்க வழியிருந்தும் பலர் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

வாணி என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஜூரோங் பக்கம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை வேலை. இரண்டு சுற்று இன்டர்வியூ முடிந்து வேலைக் கடிதமும் வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் பாக்கி. நிறுவனம் சொன்ன கிளினிக்குக்குப் போனார். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. கணக்குப் போட்டால் பிஎம்ஐ 33.6. இரத்த அழுத்தம், எக்ஸ்ரே எல்லாம் சரி. மருத்துவர் ‘வேலைக்குத் தகுதி’ என்ற கட்டத்தில் குறியிட்டு, கீழே ‘எடையைக் குறைக்க அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதினார். அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து போன். மருத்துவக் காரணத்தால் வேலையை உறுதிசெய்ய முடியவில்லை என்றார்கள்.

அன்றிரவே வாணி ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்புவதற்குமுன் எனக்குக் காட்டினார். “அக்கா, மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன், சரிதானே?” என்று கேட்டார்.

இதை மட்டும் செய்யாதீர்கள். அப்படி எழுதிக் கொடுத்தால், எடை இந்த வேலைக்குரிய தகுதி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வேலையே கிடைத்தாலும், தகுதிகாண் காலம் முழுவதும் மேலாளர் உங்கள் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எடை குறையாவிட்டால், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை என்ற பழி வேறு.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆசியர்களுக்கு 23, 27.5 என்று பிஎம்ஐ எல்லைகளை இங்கே பயன்படுத்துகிறோம். நீரிழிவு, இதயநோய் வரும் அபாயம் எந்த அளவில் கூடத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் எல்லைகள் அவை. வருங்காலத்தில் நோய் வரக்கூடிய வாய்ப்பைப் பற்றி அவை ஏதோ சொல்லலாம். நாளைக் காலை ஒருவர் தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் பேச முடியுமா, கணினியில் சரக்கு விவரம் பதிய முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்லத்தான் ‘தகுதி’, ‘தகுதியில்லை’ என்ற கட்டங்கள் இருக்கின்றன. வாணியின் படிவத்தில் மருத்துவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். குறிப்பு வரி அவருடைய நலனுக்காக எழுதப்பட்டது. நிறுவனம் அதைத் தீர்ப்பாக வாசித்துவிட்டது.

அதனால் முதல் வேலை, படிவத்தின் நகலைக் கையில் வாங்குவது. நிறுவனம் கட்டணம் கட்டியது என்பதால் பலர் கேட்கவே தயங்குகிறார்கள். உங்களைப் பற்றிய தரவை அணுகக் கேட்கும் உரிமை 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சில விலக்குகள் உண்டு, சிறு கட்டணமும் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள். வாணிக்கு நகல் கிடைத்ததும்தான் ‘தகுதி’ என்று குறியிட்டிருப்பதே தெரியவந்தது. அதுவரை தான் தேறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது நிறுவனத்துக்கு ஒரு கடிதம். கோபமோ கெஞ்சலோ இல்லாமல் நான்கே வாக்கியங்கள் எழுதினோம். ‘மருத்துவர் என்னை வேலைக்குத் தகுதி என்று குறித்திருக்கிறார், நகலை இணைத்திருக்கிறேன். வேலை விவரத்தில் உள்ள எந்தப் பணியை என்னால் செய்ய முடியாது என்று கருதுகிறீர்கள் என்பதைத் தெரிவியுங்கள். தேவையானால் அந்தப் பணியைக் குறிப்பிட்டு மருத்துவரிடமே விளக்கம் கேட்கலாம். வேலையை மறுக்கும் முடிவு அதுவரை நிறுத்திவைக்கப்படும் என்று நம்புகிறேன்.’

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். பதில் சொல்ல வேண்டுமானால் அவர்கள் ஒரு பணியின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். மாதம் ஒருமுறை கிடங்குக்குப் போய்ப் படியேறிச் சரக்கைச் சரிபார்க்க வேண்டுமாம். அந்த ஒரு பணியை மட்டும் எழுதி மருத்துவரிடம் கேட்டதில், செய்யலாம் என்று குறிப்புக் கொடுத்தார். அதன்பின் வேலை உறுதியானது. சேரும் தேதி மட்டும் தள்ளிப்போனது. எல்லோருக்கும் இப்படி முடியாது. ‘அந்தப் பதவியையே நிறுத்திவிட்டோம்’ என்று கைகழுவும் நிறுவனங்களும் உண்டு. அப்போதும் உங்களிடம் எழுத்தில் ஒரு ஆதாரம் மிஞ்சும்.

எடையைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிற வேலைகளும் உண்டு. உயரத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக் கச்சை, ஏணி ஆகியவற்றில் எத்தனை கிலோ தாங்கும் என்று குறித்திருக்கும். அதைத் தாண்டி ஆளை ஏற்றினால் உயிருக்கு ஆபத்து. அங்கேயும் கேட்கவேண்டிய கேள்வி, கூடுதல் எடை தாங்கும் கச்சை வாங்கித்தர முடியாதா என்பதுதான்.

இனி சட்டம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநல நிலை ஆகியவை பாதுகாக்கப்பட்ட பண்புகளாக இருக்கின்றன. உடல் எடை அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சட்டம் 2027 இறுதிவாக்கில் நடப்புக்கு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கும் உண்டு.

பட்டியலில் இல்லை என்பதால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. நியாயமான வேலை நியமன நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் தொடர்ந்து இருக்கும். திறன், அனுபவம், வேலையைச் செய்யும் ஆற்றல் ஆகியவற்றை வைத்தே ஆளெடுக்க வேண்டும் என்கின்றன அவை. மீறும் நிறுவனத்தின் வேலை அனுமதிச் சலுகைகளை மனிதவள அமைச்சு நிறுத்திவைக்கலாம். வெளிநாட்டு ஊழியரை நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. டாஃபெப் என்று நாம் அழைக்கும் முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் செய்யும்போது, ‘குண்டாக இருக்கிறேன் என்று ஒதுக்கினார்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘மருத்துவர் தகுதி என்றார், வேலைக்குத் தொடர்பில்லாத காரணத்தால் மறுத்தார்கள்’ என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தையும் அவர்களுடைய பதிலையும் இணையுங்கள்.

வேலையில் சேர்ந்தபின் வரும் கேலி வேறு வகை. ‘லிஃப்ட் தாங்குமா’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அப்போதே “என் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று ஒரே ஒரு முறை, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். பிறகு தேதி, சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் என்று குறித்து வையுங்கள். மறுபடி நடந்தால் அந்தக் குறிப்போடு எச்.ஆரிடம் எழுத்தில் கொடுங்கள். நீங்கள் தடுத்தும் தொடர்ந்தது என்பது அதில் தெரியும். விடாமல் தொல்லை செய்பவர்மீது 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கவும் வழியிருக்கிறது.

வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள், காரணம் பொய் என்று நினைக்கிறீர்கள் என்றால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் தவறான பணிநீக்கக் கோரிக்கையைப் பதிவுசெய்தாக வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கப்பட்ட மேலாளர், நிர்வாகி நிலை ஊழியர் என்றால் ஆறு மாதமாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும். மனம் ஆறட்டும், அப்புறம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டு அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.