இலவச கண் கேம்ப்: புரை ஆபரேஷனுக்கு போறவங்க எங்க மாட்டிக்கிறாங்க

பார்வை இழப்பைத் தடுக்க 1976-லயே மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் கொண்டு வந்தாச்சு. கண்ணுல புரை விழுந்தவங்களுக்கு ஊர்லயே கேம்ப் போட்டுப் பாத்து, பஸ்ல கூட்டிட்டுப் போயி, ஆபரேஷன் பண்ணி, லென்ஸ் வச்சு, சாப்பாடு போட்டுத் திரும்ப ஊர்ல கொண்டு வந்து விடுற வரைக்கும் இலவசம். திட்டத்தைப் பத்தி இவ்வளவு போதும். இவ்வளவு வருஷம் ஆகியும் நம்ம ஊர்ப்பக்கம் கண்ணு தெரியாம திண்ணையில உக்காந்திருக்கவங்க ஏன் இருக்காங்கங்கறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

எங்க தெருவுல ஒரு மாமா, சேரன்மாதேவி பக்கம் கன்னடியன் கால் பாசனத்துல நெல்லு போடுறவரு. களை எடுக்கப் போனா நெல்லு எது கோரை எதுன்னு தெரியாம ரெண்டையும் சேத்துப் பிடுங்கிருவாரு, சொம்புல இருந்து தண்ணி ஊத்துனா டம்ளருக்கு வெளிய ஊத்துவாரு, ராத்திரி எதுக்க லைட்டு போட்டு வண்டி வந்தா அப்படியே நின்னுருவாரு. ஆனா கேம்ப்னு சொன்னாலே எந்திரிச்சுப் போயிருவாரு. "கண்ணைத் தோண்டி வெளிய எடுத்து கன்னத்துல வச்சுக் கழுவிட்டு திரும்ப மாட்டுவாவளாம்ல, போற கண்ணு எனக்கு இப்படியே போவட்டும்" அப்படிம்பாரு.

இது வெறும் வாய்ப்பேச்சு இல்ல, அவருக்கு நெசமாவே பயம். அவரோட அப்பாவுக்கு அந்தக் காலத்துல ஆபரேஷன் பண்ணி, தலைய ஆட்டாம நாள்கணக்கா மல்லாக்கப் படுக்கப் போட்டு, ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வச்சிருந்தாங்களாம். அப்பல்லாம் புரையான லென்ஸை எடுத்துட்டு பதிலுக்கு எதுவும் வைக்கமாட்டாங்க, அதனாலதான் சோடாபுட்டி கண்ணாடி. இப்ப அப்படி கிடையாது. கண்ணை யாரும் வெளிய எடுக்கிறதில்ல, கண்ணு அது இருந்த இடத்துலயே இருக்கும். மரத்துப் போக மருந்து குடுத்துட்டு ஓரத்துல சின்னதா ஒரு கீறல் போட்டு, உள்ள கலங்கிப் போன லென்ஸை எடுத்துட்டு அதே இடத்துல செயற்கை லென்ஸை வச்சிருவாங்க, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

இதை எடுத்துச் சொல்லி அவரை ஒருவழியா சம்மதிக்க வச்சா, அடுத்து ஆபீஸ் அலைச்சல். யாரோ ஒருத்தர் "முதல்ல இன்சூரன்ஸ் கார்டு எடுக்கணும், அதுக்கு வருமானச் சான்று வேணும்"னு சொல்லிவிட்டுட்டாங்க. அவ்வளவுதான், விஏஓ ஆபீஸ், இ-சேவை, தாலுகா ஆபீஸ்னு அந்த மனுசன் கண்ணு தெரியாம மருமக கையைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சாரு. ஒரு இடத்துல சர்வர் இல்ல, இன்னொரு இடத்துல சார் மீட்டிங்குக்கு போயிருக்காரு, அடுத்த வாரம் வாங்க. நல்லா கேட்டுக்கோங்க, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வேற, கண் கேம்ப் வேற. கேம்ப்புல போயி உக்கார வருமானச் சான்றும் வேண்டாம், இன்சூரன்ஸ் கார்டும் வேண்டாம். ஆதாரும் ரேஷன் கார்டும் ஜெராக்ஸோட கொண்டு போங்க, போன் பண்ணா எடுக்கிற ஒரு ஆளோட நம்பரைக் குடுங்க, அது போதும். இதை அந்த மூணு ஆபீஸ்ல ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தா அவருக்கு ஒரு பூ வெள்ளாமையே மிஞ்சியிருக்கும், அந்த பிசானம் முழுக்க வயலை அடுத்தவங்கதான் பாத்தாங்க.

அடுத்து மாட்டிக்கிற இடம் கேம்ப்புலயே இருக்கு, நெறைய பேரு திரும்பி வர்றது இங்கதான். ஆபரேஷன்னா வெறும் வயித்துல போகணும்னு நெனச்சு காலைல சாப்பிடாம, பிரஷர் மாத்திரையும் போடாம போயிருவாங்க, வெயில்ல வரிசைல நின்னு பயத்தோட உக்காந்தா பிரஷர் எகிறிரும், "கூடுதலா இருக்கு, அடுத்த கேம்ப்புக்கு வாங்க"ன்னு அனுப்பிருவாங்க. கேம்ப்புக்கு சாப்பிட்டுட்டு, வழக்கமா போடுற மாத்திரையப் போட்டுட்டு, மாத்திரை அட்டையையும் கையில எடுத்துட்டுப் போங்க. எப்ப சாப்பிடக் கூடாதுங்கறத அங்க சேந்த பெறகு அவங்களே சொல்லுவாங்க.

மாமாவையும் திருப்பி அனுப்பிட்டாங்க. அவருக்கு சுகர் இருக்கதே அங்க சோதிச்சப்பதான் தெரிஞ்சது. சுகர் கட்டுக்குள்ள இல்லாம பண்ணா கண்ணுல சீழ் பிடிக்க வாய்ப்பு கூடுதல், அதனால அவங்க அனுப்புனது சரிதான். ஆனா எங்க போயி மாத்திரை வாங்கணும், எப்ப திரும்ப வரணும்னு சொல்லாம ஒரு சீட்டை மட்டும் கையில குடுத்து அனுப்புனதுதான் தப்பு, ஏன்னா அப்படி திரும்பி வர்ற வயசாளிங்க அதோட விட்டுருவாங்க. இப்படி ஆச்சுன்னா நேரா உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க. சுகர், பிரஷர் மாத்திரை சும்மாவே குடுப்பாங்க, 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பேரைச் சேத்தா வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. கட்டுக்குள்ள வந்ததும் அந்தப் பழைய சீட்டோட அடுத்த கேம்ப்புக்கு போங்க, சீட்டைத் தொலைச்சிராதீங்க.

இடைப்பட்ட நேரத்துல "புரை நல்லா முத்தட்டும், பெறகு பண்ணலாம்"னு அவருக்கு புத்தி சொன்னவங்களும் உண்டு. அது பழைய ஆபரேஷன் காலத்துப் பேச்சு. முத்த விட்டா உள்ள லென்ஸ் உப்பி கண்ணுல பிரஷர் ஏறும், நரம்பு கெடும், கெட்ட நரம்பு எந்த ஆபரேஷன்லயும் திரும்ப வராது. கண்ணு சிவந்து வலியும் வாந்தியும் வந்தா கேம்ப் வரட்டும்னு காத்திருக்காம அன்னைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருங்க.

அடுத்த கேம்ப்புல மாமா தேறிட்டாரு. பஸ் ஏறும்போது ஒரு பேப்பர்ல கைநாட்டு கேட்டாங்க, "வயலை எழுதி வாங்குதாவளோ"ன்னு பயந்துட்டாரு. அது ஆபரேஷனுக்கு சம்மதம்னு வாங்குறது, பயப்பட வேண்டாம், ஆனா என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொல்லி கேட்டுட்டு வைங்க. நல்ல லென்ஸ் வேணும்னா தனியா பணம்னு யாராவது சொன்னா, இலவசமா வைக்கிற லென்ஸே போதும்னு சொல்லுங்க, அதுலயே பார்வை நல்லாத் தெரியும்.

மறுநாள் ஆபரேஷன், அதுக்கு அடுத்த நாள் காலைல கட்டை அவிழ்த்தாங்க. மொதல்ல கண்ணு கூசி தண்ணியா கொட்டிருக்கு. தொடைச்சுட்டு குனிஞ்சு வேட்டியப் பாத்துட்டு நர்ஸம்மாகிட்ட "இது யாரு வேட்டிம்மா, இம்புட்டு வெள்ளையா இருக்கு"ன்னு கேட்டாராம். அவரு வேட்டிதான். புரை இருக்கப்போ எதைப் பாத்தாலும் பழுப்பேறித் தெரியும், அது போனதும் வெள்ளையும் நீலமும் பளிச்சுனு வரும். வேட்டிய ஒழுங்கா வெளுக்கலன்னு மருமகளை எத்தனையோ நாள் ஏசியிருக்காரு. வந்து எறங்குன உடனே "ஏட்டி, உன் மேல தப்பில்ல"ன்னு தெருவுல வச்சே சொன்னாரு, அந்தப் பொண்ணு அழுதுட்டு.

வீட்டுக்கு வந்த பெறகுதான் கவனம் கூடுதலா வேணும். சொட்டு மருந்து ஒண்ணு ஒண்ணரை மாசம் வரும், நல்லாத் தெரியுதேன்னு பாதில நிப்பாட்டிராதீங்க, ஊத்துறதுக்கு முன்னால கையை சோப்பு போட்டு கழுவுங்க. தாய்ப்பால், வெளக்கெண்ணெய் எதையும் கண்ணுல விடக்கூடாது. டாக்டர் சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்தக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாது. அறுப்புக் காலமா இருந்தா களத்துப் பக்கமே விடாதீங்க, பதர்த் தூசி கண்ணுல விழுந்தா வம்பு. திடீர்னு வலி, சிவப்பு, பார்வை மங்கலா ஆகுறதுன்னு எது வந்தாலும் அன்னைக்கே போயிரணும், இதுல ஒரு நாள் தாமதமே கண்ணைக் கொண்டு போயிரும்.

ஒரு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கு கூப்பிடுவாங்க. நெறைய பேரு "அதான் தெரியுதே"ன்னு போறதில்ல. வாசிக்கிறதுக்கு கண்ணாடி பவர் அன்னைக்குத்தான் பாப்பாங்க, அடுத்த கண்ணுலயும் புரை இருந்தா அன்னைக்கே சொல்லிப் பேரைக் குடுத்துட்டு வரணும்.