செவ்வாய் காலை பத்து மணியா, 24ஆம் தேதி மாலையா?

கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலைகளின் சம்பளக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளை எடுத்துச் செய்துகொடுக்கிறோம். எங்களுக்கு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஆடிட்டர்கள் வழியாகத்தான் வருகிறார்கள். அதனால் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கமுள்ள ஆடிட்டர்களுக்கு அறிமுக மெயில் அனுப்புவது என் அன்றாட வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்பினா பதில் வருங்க?" என்பதுதான். செவ்வாய் காலை பத்து மணி என்று எங்கேயோ படித்துவிட்டு வருவார்கள்.

நானும் அதை நம்பியவன்தான். ஈரோட்டில் ஓர் ஆடிட்டருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, சரியாகப் பத்து மணிக்கு மெயில் போனது. பதில் இல்லை. நான்கு நாள் கழித்து, சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, அதே விஷயத்தை நாலே வரியில் சுருக்கி மறுபடி அனுப்பினேன். இருபது நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, மொத மெயிலைப் பார்த்தேனுங்க. அன்னிக்கு 20ஆந் தேதி. 3பி போட்டுட்டு இருந்தோம், அதைப் படிக்க யாருக்குங்க நேரம்?" என்றார்.

ஜி.எஸ்.டி.ஆர்.-3பி மாதாந்திர ரிட்டர்னுக்கு 20ஆம் தேதிதான் கெடு. தாண்டினால் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி. அன்று போர்ட்டல் மெதுவாகும், வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் பில் அனுப்புவார், அலுவலகமே கொதித்துக்கொண்டிருக்கும். நான் கிழமையைப் பார்த்தேனே தவிர, தேதியைப் பார்க்கவில்லை.

ஒரு ஆடிட்டருக்கு மாதம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும். 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1. 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20ஆம் தேதி 3பி. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 22. ஆக 23ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைதான் கொஞ்சம் மூச்சு விட முடியும். இந்த ஏழெட்டு நாளுக்குள் எந்தக் கிழமை வந்தாலும் எனக்குச் சரி.

வருடக் கணக்கும் இதே மாதிரிதான். ஜூலை முதல் அக்டோபர் வரை வருமான வரி ரிட்டர்ன், வரித் தணிக்கை என்று நெருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு, கெடு நகரும். 2025இல் ஜூலை 31ஆக இருந்த ரிட்டர்ன் கெடு செப்டம்பர் 15க்குப் போனது, கடைசியில் இன்னொரு நாளும் கூட்டினார்கள். தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30ம் தள்ளிப்போனது. பழைய காலண்டரை வைத்து "செப்டம்பர் முதல் வாரம் ஓய்வாக இருப்பார்கள்" என்று கணக்குப் போட்டவர்களின் மெயில் நட்ட நடு நெருக்கடியில் போய் விழுந்திருக்கும். ஆகவே மெயில்களை வரிசையில் போட்டு வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கிளம்பும் முந்தின நாள், கெடு ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நாள்காட்டியில் முகூர்த்த நாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணி, தை முகூர்த்தங்களில் நம் ஊர் ஆட்கள் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள்.

சரி, தேதியை விட்டுவிடுவோம். நல்ல வாரத்துக்குள்ளேயே செவ்வாய் காலை சிறந்ததா, வியாழன் மதியம் சிறந்ததா? இதைச் சோதித்துப் பார்க்கலாமே என்று பலர் கிளம்புகிறார்கள். 240 பேர் கொண்ட பட்டியலை இரண்டாகப் பிரித்து, 120 பேருக்குச் செவ்வாய், 120 பேருக்கு வியாழன் என்று அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கு 6 பதில், வியாழனுக்கு 9 பதில். "வியாழன் ஒன்றரை மடங்கு" என்று உடனே எழுதி வைத்துவிடத் தோன்றும்.

தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். மொத்தம் 15 பதில். ஒரு நாணயத்தை 15 முறை சுண்டுங்கள். 9க்கு 6 என்றோ, அதைவிடச் சாய்வாகவோ விழுவது நூற்றுக்கு அறுபது தடவை நடக்கும். அதாவது இரண்டு நாளும் ஒன்றேதான் என்றாலும், இந்த அளவு வித்தியாசம் வராமலிருப்பதைவிட வருவதற்கே வாய்ப்பு அதிகம். 5 சதவீதப் பதில் 7.5 சதவீதமாகக் கூடுகிறதா என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு கிழமைக்கும் ஏறக்குறைய 1,500 பேர் வேண்டும். நம் பட்டியலில் அத்தனை ஆடிட்டர்கள் எங்கே? பிரிக்கும்போதும் குலுக்கல் முறையில் பிரிக்காமல், கோவைக்குச் செவ்வாய், கரூருக்கு வியாழன் என்று வைத்தால், அது கிழமையின் சோதனையே அல்ல, ஊரின் சோதனை.

பதிலுக்குப் பதிலாக, எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று எண்ணுபவர்களும் உண்டு. அந்த எண்ணிக்கை இப்போது கெட்டுப்போய்விட்டது. மெயிலுக்குள் ஒளித்து வைக்கும் ஒரு சிறு படம் இறங்கினால், திறந்ததாகக் கணக்கு. ஆனால் 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, அதிலுள்ள தனியுரிமைப் பாதுகாப்பு வசதியை இயக்கியவர்களுக்கு, ஆள் படித்தாலும் படிக்காவிட்டாலும் படத்தைத் தானே இறக்கி வைத்துவிடுகிறது. எந்த மணிக்குத் திறந்தார் என்பதும் அதனால் பொய்யாகிவிடுகிறது. நான் பதிலை மட்டும்தான் எண்ணுகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஈரோட்டுக் கதையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 24ஆம் தேதி என்பதால்தான் அவர் கூப்பிட்டாரா? இரண்டாவது மெயில் சிறியது. அது இரண்டாவது தடவை வேறு. பெயர் ஏற்கெனவே கண்ணில் பட்டிருக்கிறது. அவரிடமே கேட்டேன். "பவானியில ஒரு சாயப்பட்டறைக்கு இ.எஸ்.ஐ. பாக்கி நோட்டீஸ் வந்திருக்குதுங்க. நீங்க அதைப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தீங்க" என்றார். முதல் மெயிலிலும் அந்த வரி இருந்தது, ஆனால் நான்காவது பத்தியில். ஆகவே நேரத்துக்கு நான் கொடுக்கும் பங்கு சிறியது. கெட்ட நாளில் அனுப்பினால் நல்ல மெயிலும் வீணாகும். நல்ல நாளில் அனுப்பினாலும், அவருக்குத் தேவையில்லாத மெயிலுக்குப் பதில் வராது. வேலை நேரத்தைப் பிரிப்பதென்றால், கிழமை பார்க்கச் செலவிடும் ஒரு மணியை முதல் இரண்டு வரியைத் திருத்தச் செலவிடுங்கள். பதில் வராதவருக்கு நான்கைந்து நாள் கழித்து ஒருமுறை, அப்புறம் அடுத்த மாதக் கடைசியில் ஒருமுறை எழுதுங்கள். அதோடு விட்டுவிடுவது மரியாதை.

போன் மட்டும் வேறு கணக்கு. மெயில் காத்திருக்கும், போன் கையைப் பிடித்து இழுக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளியைச் சனிக்கிழமை மதியம் கூப்பிடாதீர்கள். பல கம்பெனிகளில் அன்றுதான் வாரச் சம்பளம் போடுவார்கள். அவர் கையில் ரொக்கமும் எதிரே ஆட்களும் இருக்கும்போது உங்கள் அறிமுகம் அவருக்குத் தொந்தரவுதான், அந்த எரிச்சல் அடுத்த முறையும் நினைவில் நிற்கும்.

மணி நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான், அது நம் பக்கத்து நேரம். மெயில் போன பிறகு இரண்டு மணி நேரமாவது நாம் நாற்காலியில் இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை ஈரோட்டிலிருந்து போன் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன், பவானி பட்டறையின் நோட்டீசை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ஏழரைக்குள் எந்தெந்த மாதத்துப் பாக்கி என்று பிரித்துச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பட்டறைக்காரரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.